பேதி நின்றது, காய்ச்சல் நிற்கவில்லை

வயிற்றுப்போக்கை உடனே நிறுத்த மருந்துக்கடையில் கேட்டு வாங்கப்படும் மாத்திரைகளில் முதலிடம் லோப்பரமைடுக்கு. பெல்ஜியத்தில் உள்ள யான்சென் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1969இல் இது உருவானது. அதே ஆய்வகம் அதற்கு முன்பே உருவாக்கிய டைபினாக்சிலேட் என்ற மருந்தும் அட்ரோபினோடு சேர்ந்த மாத்திரையாகப் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டும் வேலை செய்யும் விதத்தில் அபினின் உறவுக்காரர்கள். அபின் சாப்பிட்டவருக்கு மலம் இறுகிப்போகும் என்பது பழங்காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. அந்த ஒரு குணத்தை மட்டும் பிரித்தெடுத்து, போதையைக் கழித்துவிட்டால் கிடைப்பது லோப்பரமைடு. சரியான அளவில் சாப்பிடும்வரை அது மூளைக்குள் நுழைவதில்லை. நுழைய முயல்வதை மூளை இரத்தக்குழாய்களின் சுவரில் உள்ள ஒரு புரதம் வெளியே தள்ளிவிடுகிறது.

குடலின் சுவரில் இரண்டு தசை அடுக்குகள் உள்ளன. அவற்றுக்கு நடுவே நரம்புகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. குடலுக்குள் இருப்பதை அலையலையாகக் கீழே தள்ளும்படி தசைக்குக் கட்டளை கொடுப்பது இந்த நரம்பு வலைதான். கட்டளையைச் சுமந்து செல்வது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். லோப்பரமைடு நரம்பு முனைகளில் ஒட்டிக்கொண்டு அந்தப் பொருள் சுரப்பதைக் குறைக்கிறது. தள்ளும் அலை தளர்கிறது, உள்ளே இருப்பது அதிக நேரம் தங்குகிறது, தங்கும் நேரத்தில் அதிலுள்ள நீர் உறிஞ்சப்படுகிறது. ஆசனவாயின் சுருக்குத்தசையும் இறுகுகிறது. பெரியவர்களுக்கு முதலில் 2 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, பிறகு ஒவ்வொரு முறை இளகிப் போகும்போதும் ஒன்று என்பது வழக்கமான அளவு. மருத்துவர் சொல்லாமல் தாமாக எடுத்துக்கொள்பவர் ஒரு நாளில் 8 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று பல நாடுகளில் உறையிலேயே அச்சிடுகிறார்கள்.

இந்த விளக்கத்தில் கிருமி எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாத்திரை கிருமியைக் கொல்வதில்லை, அது கக்கும் நச்சை முறிப்பதில்லை, புண்ணை ஆற்றுவதில்லை. குடலின் ஓட்டத்தை மட்டும் குறைக்கிறது. எனவே அது நன்மை செய்யுமா தீமை செய்யுமா என்பது, அந்த நேரத்தில் குடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதல் வகையில் கிருமி சிறுகுடலின் மேற்பரப்பில் நின்றபடியே வேலையைக் காட்டுகிறது. பயணத்தின்போது தண்ணீர், உணவு ஒத்துக்கொள்ளாமல் போவதாகச் சொல்லப்படும் பேதியில் பெரும்பகுதி இப்படிப்பட்டது. ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு வகை வெளியிடும் நச்சு, குடலின் செல்களிலிருந்து உப்பையும் நீரையும் கொட்ட வைக்கிறது. செல்கள் சாவதில்லை, சுவர் கிழிவதில்லை. மலம் தண்ணீராக, அதிக அளவில் போகும். காய்ச்சல் இருக்காது, இருந்தாலும் லேசாக இருக்கும். திடமான உடல்நிலை உள்ள பெரியவர் இந்த நிலையில் ஒன்றிரண்டு நாள் லோப்பரமைடு சாப்பிட்டால் கழிப்பறைக்கு ஓடும் தடவை குறையும், பெரிய ஆபத்தும் இல்லை. காலரா போலக் குடம் குடமாக நீர் இழக்கும் நோய்க்கு இது பொருந்தாது. அங்கே இழந்த நீரை ஈடுகட்டுவதுதான் உயிரைக் காக்கும்.

இரண்டாம் வகையில் கிருமி பெருங்குடலின் சுவருக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. ஷிகெல்லா இதற்குச் சரியான உதாரணம். ஜப்பானிய மருத்துவர் கியோஷி ஷிகா 1897இல் கண்டறிந்த இந்தக் கிருமி நூற்றுக்கும் குறைவாக உள்ளே போனாலே நோய் வந்துவிடும். குடலின் உட்சவ்வில் நோயெதிர்ப்புக்காக அமைந்த சில செல்களின் வழியாக அது உள்ளே நுழைகிறது. பிறகு ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு, வெளியே வராமலேயே பரவுகிறது. செல்கள் சாகின்றன, வெள்ளையணுக்கள் திரள்கின்றன, சவ்வு உரிந்து புண்ணாகிறது. சீழும் சளியும் இரத்தமும் கலந்து வருவது அதனால்தான். மலத்தின் அளவு கொஞ்சம்தான் இருக்கும், தடவை மட்டும் இருபது முப்பது என்று ஏறும். போய்விட்டு வந்த மறுநிமிடமே மீண்டும் முக்கல் எடுக்கும், உட்கார்ந்தால் ஒரு தேக்கரண்டி சளிதான் வரும். சீதபேதி என்று நாட்டுவழக்கில் சொல்வது இதைத்தான். கேம்பிலோபாக்டர், சில சால்மொனெல்லா வகைகள் ஆகியவையும் குடலை இப்படித் தாக்கக்கூடியவை.

இந்த இரண்டாம் வகையில் பேதி என்பது நோய் மட்டுமல்ல, குடல் தன் மேல் உள்ள கிருமியையும் நச்சையும் வெளியேற்றும் வழியும்தான். அதை அடைத்தால் கிருமி புண்ணான சவ்வோடு அதிக நேரம் ஒட்டிக்கிடக்கும், பெருகவும் அவகாசம் கிடைக்கும். இது வெறும் ஊகமாக இருந்த காலம் உண்டு. 1973இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஹெர்பர்ட் டுபாண்ட், ரிச்சர்ட் ஹார்னிக் என்ற இரு மருத்துவர்கள் அதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஷிகெல்லாவை உட்கொண்டு நோயுற்ற தன்னார்வலர்களில் சிலருக்கு டைபினாக்சிலேட்–அட்ரோபின் மாத்திரை கொடுக்கப்பட்டது. மாத்திரை பெற்றவர்களுக்குக் காய்ச்சல் அதிக நாள் நீடித்தது. நுண்ணுயிர்க்கொல்லியோடு சேர்த்து அந்த மாத்திரையைப் பெற்றவர்களின் மலத்திலிருந்து கிருமியை விரட்டுவதும் கடினமாக இருந்தது. சோதனையில் இருந்தவர்கள் சிலரே. ஆனாலும் காய்ச்சலோடு கூடிய பேதிக்கு இந்த வகை மாத்திரை வேண்டாம் என்ற எச்சரிக்கைக்கு அது முக்கியமான அடிப்படை ஆயிற்று.

காய்ச்சலையும் இரத்தத்தையும் இரண்டு தனித்தனி எச்சரிக்கைகளாகப் பார்க்க வேண்டியதன் காரணம் ஷிகெல்லாவின் கால அட்டவணையில் இருக்கிறது. நோய் பெரும்பாலும் காய்ச்சலோடும் வயிற்றுப் பிசைவோடும் தொடங்கும். முதல் நாள் மலம் தண்ணீராகவே போகும், பார்ப்பதற்கு முதல் வகைப் பேதியைப் போலவே இருக்கும். சளியும் இரத்தமும் தலைகாட்ட ஒருநாளோ அதற்கு மேலோ ஆகலாம். இரத்தம் வந்தபின்தான் கவலைப்பட வேண்டும் என்று இருப்பவர் அந்த முதல் நாளிலேயே மாத்திரையை விழுங்கியிருப்பார். அந்த நேரத்தில் கையில் இருக்கும் ஒரே துப்பு காய்ச்சல்தான். பேதியோடு 38.5 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறக்குறைய 101 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், கிருமி குடல் சுவருக்குள் போய்விட்டது என்றே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. நம் ஊரில் இன்னொரு கோணமும் உண்டு. டைபாய்டு காய்ச்சல் பேதியோடு வரலாம். அதில் சிறுகுடலின் கடைப்பகுதியில் புண் ஏற்பட்டு ஓட்டை விழும் அபாயம் இருக்கிறது. குடலை அடக்கும் மாத்திரை அங்கேயும் பொருந்தாது.

வெப்பமானியைப் பார்ப்பதற்கு முன்பு பாராசிட்டமால் விழுங்கிவிட்டால் இந்தத் துப்பு கெட்டுப்போகும். கடையில் காய்ச்சலுக்கு ஒன்று, பேதிக்கு ஒன்று என்று இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதும் வாங்குவதும் நடக்கிறது. அந்த ஜோடி எப்படித் திசைதிருப்பும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் நாள்வாரியாகப் பார்க்கலாம். இது ஒரு தனி நபரின் கதை அல்ல, இந்த நோயில் வழக்கமாக நடப்பவற்றைக் கோத்தது.

முப்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு மாலையில் குளிரெடுத்து 102 டிகிரி காய்ச்சல் வருகிறது. வயிறு பிசைகிறது, நான்கைந்து முறை தண்ணீராகப் போகிறது. மறுநாள் வெளியூர்ப் பயணம். கடைக்காரரிடம் கேட்டு ஒரு பாராசிட்டமாலும் இரண்டு லோப்பரமைடும் போடுகிறார். இரவுக்குள் இன்னும் இரண்டு. காய்ச்சல் இறங்குகிறது, பேதி நிற்கிறது, தூக்கம் வருகிறது. குணமாகிவிட்டது என்று நினைக்க எல்லாக் காரணங்களும் இருக்கின்றன.

இரண்டாம் நாள் காலையில் மலம் போகவில்லை. பாராசிட்டமாலின் வேலை முடிந்து காய்ச்சல் 103க்கு ஏறியிருக்கிறது. வயிறு பாரமாக, தட்டினால் டம் டம் என்று ஒலிக்கும்படி உப்பியிருக்கிறது. மதியம் முக்கி முக்கிப் போனதில் சளியோடு இரத்தக் கீற்று. பேருந்தில் அவதிப்படக் கூடாது என்று இன்னும் இரண்டு மாத்திரை. மூன்றாம் நாள் வாந்தி, காற்றுகூடப் பிரியவில்லை, நாடி நிமிடத்துக்கு 130. மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் பெருங்குடலின் குறுக்குப்பகுதி 6 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்திருக்கிறது. சாதாரணமாக அது அந்த அளவுக்கு விரிவதில்லை. அழற்சி குடலின் தசை அடுக்குவரை இறங்கி, தசை செயலிழந்து, உள்ளே வாயு தேங்கி வீங்கும் இந்த நிலைக்கு நச்சுப் பெருங்குடல் வீக்கம் என்று பெயர். அழற்சியே தசையைத் தளர்த்துகிறது. அபின் உறவு மருந்து அதன் மேல் இன்னொரு தளர்ச்சியைச் சுமத்துகிறது. மேலும் விரிந்தால் மெல்லிய சுவர் கிழிந்து, மலமும் கிருமியும் வயிற்றறைக்குள் கொட்டும். அந்தக் கட்டத்தில் அறுவைச் சிகிச்சை தவிர வேறு வழியில்லை.

ஷிகெல்லா நோயாளிகளில் நச்சுப் பெருங்குடல் வீக்கம் அரிதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டவர் எல்லாருக்கும் அது வருவதில்லை. அடிக்கடி நடக்கும் கேடு சத்தமில்லாதது: காய்ச்சல் நீளுகிறது, சரியான மருந்து இரண்டு நாள் தாமதமாகிறது, நீர் இழப்பு கண்ணில் படாமல் போகிறது. குடல் ஓட்டம் நின்றாலும் சுவரிலிருந்து நீர் கசிவது நிற்பதில்லை. அது விரிந்த குடலுக்குள்ளேயே தேங்குகிறது. கழிப்பறைக்குப் போகாததால் நீர் இழக்கவில்லை என்று நோயாளி நினைப்பார். நாக்கு உலர்வதும் சிறுநீர் குறைந்து மஞ்சளாவதும் வேறு கதை சொல்லும். நுண்ணுயிர்க்கொல்லி சாப்பிட்டதைத் தொடர்ந்து வரும் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசீல் பேதியிலும், பெருங்குடல் அழற்சி நோய் திடீரென உக்கிரமாகும்போதும் இதே வீக்கம் வரலாம். ஆகவே சமீபத்தில் நுண்ணுயிர்க்கொல்லி எடுத்தவரும், முன்பே குடல் அழற்சி நோய் உள்ளவரும் தாமாக இந்த மாத்திரையை நாடக்கூடாது.

இரத்தம் வந்தும் காய்ச்சல் இல்லாத பேதி, கேட்பதற்குச் சற்று நிம்மதியாகத் தோன்றும். ஆனால் அதற்குள் வேறொரு அபாயம் மறைந்திருக்கலாம். ஷிகாவின் பெயரைத் தாங்கிய நச்சை ஈ.கோலையின் ஒரு பிரிவும் சுரக்கிறது. ஓ157 என்ற இனம் அதில் பேர்போனது. 1993இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சரியாக வேகாத மாட்டிறைச்சி பர்கர் மூலம் எழுநூறுக்கும் மேற்பட்டோருக்கு இது பரவியது, நான்கு குழந்தைகள் இறந்தன. முதலில் தண்ணீராகப் போகும், இரண்டு மூன்று நாளில் வெறும் இரத்தமாகவே போவது போலிருக்கும். ஆனால் மருத்துவரிடம் வரும்போது காய்ச்சல் பெரும்பாலும் இருப்பதில்லை. நச்சு குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக்குழாய்களின் உட்பூச்சைச் சிதைக்கிறது. பேதி தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில், சில குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து, தட்டணுக்கள் குறைந்து, சிறுநீர் நின்றுபோகும். பேதி குறைந்து தேறுவது போலிருக்கும்போது இது தொடங்குவதுதான் விபரீதம். இந்தத் தொற்று வந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, குடலை அடக்கும் மருந்து பெற்றவர்களுக்கு இந்தச் சிறுநீரகச் சிக்கல் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது தெரியவந்தது. நச்சு குடலில் தங்கும் நேரம் நீண்டால் உடலுக்குள் போகும் அளவும் கூடும் என்பதே அதற்கான விளக்கம்.

ஓ157 நம் நாட்டில் மேற்கு நாடுகளைப் போல அடிக்கடி காணப்படுவதில்லை. அதே நச்சைச் சுரக்கும் ஷிகெல்லா டிசென்ட்ரியே முதல் வகை இங்கே அந்த வேலையைச் செய்திருக்கிறது. தென்னிந்தியக் குழந்தைகளுக்குச் சீதபேதியைத் தொடர்ந்து இதே சிறுநீரகச் சிக்கல் வந்ததை வேலூர் மருத்துவர்கள் 1978இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் விவரித்திருக்கிறார்கள். ஆக, காய்ச்சல் இருந்து இரத்தம் இல்லாதபோதும், இரத்தம் இருந்து காய்ச்சல் இல்லாதபோதும் விலக்க வேண்டியது ஒன்றே. இரண்டும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

மலத்தில் தெரியும் சிவப்பு எல்லாம் குடலிலிருந்து வருவதில்லைதான். முதல் நாள் சாப்பிட்ட பீட்ரூட் நிறம் காட்டும். மூலநோய் உள்ளவருக்கு மலம் போன பிறகு பளிச்சென்ற சொட்டுகள் தனியாக விழும், மலத்தில் கலந்திருக்காது. சளியோடு குழைந்து, மலத்தில் கலந்து வரும் இரத்தமே இங்கே பேசப்படுவது. தார் போலக் கறுத்து நாறும் மலம் வயிற்றின் மேற்பகுதியில் இரத்தம் கசிவதன் அடையாளம், அதுவும் மாத்திரையைத் தடுக்கும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவருக்கும் மலம் கறுப்பாகும், ஆனால் தார் போன்ற பிசுபிசுப்பு இருக்காது. சந்தேகம் வந்தால் இரத்தம் என்றே வைத்துக்கொள்வதால் இழப்பது ஒரு மாத்திரையின் சுகம் மட்டுமே.

குழந்தைகளுக்குக் கேள்வியே வேறு. லோப்பரமைடு சொட்டு மருந்தாகவும் ஒரு காலத்தில் விற்கப்பட்டது. பச்சிளம் குழந்தைகளின் மூளைக்கு அரணாக இருக்க வேண்டிய புரதம் முழுமையாக வளர்ந்திருக்காது, அளவும் எளிதில் மிஞ்சிவிடும். பாகிஸ்தானில் அந்தச் சொட்டு மருந்து கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் குடல் அசைவு நின்று, வயிறு வீங்கி இறந்த நிகழ்வுகள் 1990 வாக்கில் வெளிச்சத்துக்கு வந்தன. அந்த ஆண்டே உற்பத்தியாளர் அங்கே சொட்டு மருந்தைத் திரும்பப் பெற்றார். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டி, திடீர் வயிற்றுப்போக்கு வந்த 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லோப்பரமைடே வேண்டாம் என்கிறது. காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் எந்த வயதிலும் தவிர்க்கச் சொல்கிறது.

மாத்திரை இல்லை என்றால் வெறும் கையோடு இருக்க வேண்டியதில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உறையில் சொன்ன அளவு நீரில், பெரிய பொட்டலம் என்றால் 1 லிட்டரில், கரைத்து வாய் வாயாகக் குடிப்பது குடலின் ஓட்டத்தைத் தொடாமலே நீரை ஈடுகட்டும். அளவு நீரைக் குறைத்துக் கெட்டியாகக் கரைத்தால் பேதி கூடும். காய்ச்சலும் இரத்தமும் உள்ளவருக்கு மலத்தைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடங்குவது முறை. எந்த மருந்து என்பது உள்ளூர்க் கிருமிகள் எதற்கு அடங்குகின்றன என்பதைப் பொறுத்து மாறும். ஓ157 என்று சந்தேகம் இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லியே தீங்காகலாம் என்பதால் அந்த முடிவையும் மருத்துவரே எடுக்க வேண்டும்.

இந்தத் தடைக்கு ஒரு நுணுக்கம் உண்டு. தாய்லாந்தில் சீதபேதி வந்த பெரியவர்களுக்கு சிப்ரோஃப்ளோக்சசினோடு லோப்பரமைடையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த 1993ஆம் ஆண்டு ஆய்வில், சேர்த்துப் பெற்றவர்களுக்குப் பேதி சீக்கிரம் நின்றது, காய்ச்சல் நீளவில்லை. கிருமியை அடக்கும் மருந்து கூடவே இருந்தால் ஆபத்து குறையலாம் என்று அது காட்டுகிறது. ஆனால் அந்தக் கிருமி அந்த மருந்துக்கு அடங்கியது, நோயாளிகள் கண்காணிப்பில் இருந்தார்கள். வீட்டில் தனியாக மாத்திரை விழுங்குபவருக்கு இந்த இரண்டும் இல்லை. மருந்துக்கு அடங்காத ஷிகெல்லாவும் இன்று பெருகிவிட்டது.

ஏற்கெனவே மாத்திரை போட்ட பிறகு காய்ச்சலோ இரத்தமோ தெரியவந்தால் அடுத்ததைப் போடாமல் நிறுத்துவது முதல் வேலை. லோப்பரமைடின் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகும் என்பதால், நிறுத்தியவுடன் குடல் பழைய ஓட்டத்துக்கு வந்துவிடாது. அடுத்த ஒரு நாளில் வயிறு உப்புகிறதா, காற்று பிரிகிறதா, வாந்தி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பேதி நின்றும் வயிறு உப்பிக் காய்ச்சல் ஏறினால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எத்தனை மாத்திரை, கடைசியாக எத்தனை மணிக்கு என்ற விவரத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும். பேதி நின்றுவிட்டது என்ற செய்தியை மட்டும் கேட்டால், அவரும் நோய் தணிந்துவிட்டதாக எண்ணிவிட இடமிருக்கிறது.